ஆர்.டி. முதிர்வுத் தொகை: கணக்கு எங்கே பிசகுகிறது?

ஆர்.டி. எனப்படும் தொடர் வைப்பில் மாதம் 5,000 ரூபாய், 7 சதவீத வட்டி, ஓராண்டு. கட்டுவது 60,000, அதற்கு 7 சதவீதம் 4,200, ஆக 64,200 ரூபாய் கிடைக்கும் என்று மனக்கணக்குப் போடுபவர்கள் ஏராளம். முதிர்வு நாளில் வருவதோ ஏறக்குறைய 62,311. மேலாளரிடம் சண்டைக்குப் போகும் முன், எந்தத் தவணை எத்தனை மாதம் வங்கியில் இருந்தது என்று பாருங்கள்.

முதல் தவணை 12 மாதமும் இருக்கிறது. அது ஈட்டும் வட்டி 359 ரூபாய். கடைசித் தவணை இருப்பது ஒரே மாதம். அதற்கு 29 ரூபாய்தான். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு தவணையும் ஆறரை மாதம்தான் இருக்கிறது. நிரந்தர வைப்பைப் போல முழுத் தொகைக்கும் முழு ஆண்டு வட்டி எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு.

காலாண்டுக் கூட்டு வட்டி என்றதும் தொகை மளமளவென்று வளரும் என நினைப்பது அடுத்தது. இதே கணக்கில் தனிவட்டி 2,275 ரூபாய். கூட்டு வட்டி 2,311. ஓராண்டில் கூடுவது வெறும் 36 ரூபாய்! கூட்டு வட்டியின் பலன் தெரிய ஆண்டுகள் பல ஓட வேண்டும்.

எக்செல்லில் கணக்குப் போடுபவர்கள் சறுக்கும் இடம் வேறு. ஆண்டு வட்டியை 12 ஆல் வகுத்துப் போட்டால் அது மாதாந்திரக் கூட்டு வட்டியாகிவிடும். 62,324 என்று காட்டும். ஓராண்டில் வித்தியாசம் ஏறக்குறைய 14 ரூபாய்தான், ஆனால் ஐந்தாண்டுக் கணக்கில் 390 ரூபாயை நெருங்கும். காலாண்டு வட்டியிலிருந்து அதற்கு இணையான மாத வட்டியை எடுக்க வேண்டும்:

```
=FV((1+7%/4)^(1/3)-1, 12, -5000, 0, 1)
```

கடைசியில் உள்ள 1 முக்கியம். தவணை மாதத் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்பதை அது சொல்கிறது. அதை விட்டுவிட்டால் விடை 61,951. ஒரு மாத வட்டி மொத்தமாகக் காணாமல் போகும். வங்கியின் தொகை இதிலிருந்து சில ரூபாய் விலகினால் கவலை வேண்டாம். நூற்றுக்கணக்கில் விலகினால் விளக்கம் கேளுங்கள்.

தேதியிலும் குழப்பம் உண்டு. ஏப்ரல் 5 அன்று தொடங்கிய ஓராண்டுக் கணக்கின் கடைசித் தவணை மார்ச் 5. முதிர்வு அன்றல்ல, அடுத்த ஏப்ரல் 5 அன்றுதான். மார்ச் மாதச் செலவுக்கு அந்தப் பணத்தை நம்பி, ஒரு மாதம் முன்பே கணக்கை முடித்தால், குறைந்த வட்டியோடு அபராதமும் சேரலாம்.

தவணை தாமதமானாலும் அப்படித்தான்: பல வங்கிகள் நூறு ரூபாய்க்கு இவ்வளவு என்று மாதந்தோறும் தாமதக் கட்டணம் பிடிக்கும். சம்பளம் 7ஆம் தேதி வருபவர் தவணைத் தேதியை 5 என்று வைத்துக்கொண்டால், மாதாமாதம் இந்தத் தண்டம் விழலாம்.