டைப்-சி பின் பாதியிலேயே நிற்கிறதா? கவரைக் கழற்றிப் பாருங்கள்

கேபிளைச் சொருகினால் சார்ஜ் ஏறுகிறது, போனை லேசாக நகர்த்தினால் நின்றுவிடுகிறது. 'போர்ட் போச்சு' என்று கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம்.

முதலில் கவரைக் கழற்றிவிட்டு அதே கேபிளைச் சொருகுங்கள். பின்னின் பிளாஸ்டிக் தலை போனை ஒட்டி உட்கார்ந்து, ஆட்டினாலும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் குற்றவாளி கவர்தான். கவர் இல்லாமலும் உலோகம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் போர்ட்டுக்குள் பஞ்சு அடைத்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

கவர் எப்படித் தடுக்கிறது? டைப்-சி பின்னின் உலோகப் பகுதி சுமார் ஆறரை மி.மீ. நீளம்தான். கவரின் துளையைவிட பிளாஸ்டிக் தலை பெரிதாக இருந்தால், தலை கவரின் வெளிப்புறத்திலேயே முட்டி நிற்கும். கவரின் கீழ் ஓரம் 2 மி.மீ. தடிமன் என்றால் உலோகத்தில் அந்த 2 மி.மீ. வெளியே நின்றுவிடும். மின்சாரம் போகும் தொடுமுனைகள் சற்று நீளமானவை, மற்றவை குட்டையானவை. அதனால் பாதி சொருகிய நிலையில் சார்ஜ் ஏறலாம், ஆனால் வேகச் சார்ஜ் வராது, கணினியில் போன் தெரியாது. இரு முனையும் டைப்-சி உள்ள கேபிள் என்றால் சார்ஜே ஏறாமலும் போகலாம். எதிர்முனையில் போன் இருப்பது ஒரு குட்டைத் தொடுமுனை வழியாகத் தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தை விடும்.

அடுத்து ஸ்கேலை எடுத்து கேபிள் தலையின் அகலத்தையும் தடிமனையும் அளந்து பாருங்கள். டைப்-சி தரவிதிப்படி தலை 12.35 மி.மீ. அகலம், 6.5 மி.மீ. தடிமன் வரை இருக்கலாம். பிறகு கவரின் துளை. உதாரணமாக, தலை 12 × 6, துளை 13 × 5 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் இடம் தாராளம், தடிமனில்தான் மாட்டிக்கொள்கிறது. பலர் அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

புதுக் கவர் வாங்கினால் துளை அகலத்திலும் தடிமனிலும் தலையைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருக்கட்டும். துளை போர்ட்டுக்கு நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேறு மாடலின் கவர் என்றால் துளை மேலோ கீழோ நகர்ந்திருக்கும். அடிபடாமல் இருக்க வாங்கும் தடித்த கவர்களில், அதிலும் தூசி மூடி வைத்தவற்றில், இந்தத் தொல்லை அதிகம். அந்தக் கவர்தான் வேண்டும் என்றால் மெல்லிய தலை உள்ள கேபிளைத் தேடுங்கள். என் கணக்கில் கேபிளை மாற்றுவதுதான் மலிவு.

ரப்பர் போன்ற மென்மையான கவர் என்றால், போனிலிருந்து கழற்றி, துளையின் ஓரத்தைப் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவலாம். கேபிள் தலையை மட்டும் சீவாதீர்கள், உள்ளே இருக்கும் சால்டர் இணைப்புகள் வெளியே வந்துவிடும். அப்புறம், இடைவெளியை நிரப்ப விற்கும் நீட்டிப்புத் துண்டுகள்: டைப்-சி தரவிதி அவற்றை அனுமதிப்பதில்லை.