62 பேர் ‘வாங்குவேன்’ என்றார்கள், பணம் கட்டியவர்கள் 9 பேர்

மடக்கி வைக்கக்கூடிய மர லேப்டாப் ஸ்டாண்டு செய்து விற்கலாம் என்று தோன்றியதும், 180 பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் “இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?” என்று ஒரு வாக்கெடுப்பு போட்டேன். 62 பேர் ‘வாங்குவேன்’ என்று தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் அதே குரூப்பில் விலையைச் சொல்லி, கால் பங்கு முன்பணம் கேட்டபோது கட்டியவர்கள் 9 பேர், அதிலும் 4 பேர் எனக்கு நெருங்கியவர்கள்.

தப்பு அந்த 62 பேர் மீது இல்லை, நான் கேட்ட கேள்வியில்தான். விலை இல்லை, எப்போது கிடைக்கும் என்பதும் இல்லை, விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். அதோடு வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று குரூப்பில் எல்லோருக்கும் தெரியும், அதனால் தெரிந்தவன் மனம் நோகக் கூடாதே என்று ஓட்டுப் போடுகிறவர்களும் நிறைய. படம், விலை, கையில் கிடைக்கும் தேதி, முன்பணம் எவ்வளவு, இந்த நான்கும் முதல் மெசேஜிலேயே இருக்க வேண்டும். பொருள் இன்னும் தயாராகவில்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். பதிலைத் தனி மெசேஜில் கேளுங்கள், குரூப்பில் ஒருவர் “விலை அதிகம்” என்று போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது தவறு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாமலே முடிவுக்கு வருவது. பிராட்காஸ்ட் லிஸ்டில் 140 பேருக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை, யாருக்கும் இது வேண்டாம் போல என்று சோர்ந்துவிட்டேன். அப்புறம் மெசேஜை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், போய்ச் சேர்ந்திருந்தது 37 பேருக்குத்தான்! உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும், இது பலருக்குத் தெரியாது. குரூப்பிலும் நீங்கள் அனுப்பிய மெசேஜின் விவரத்தில் யார் படித்தார்கள் என்று காட்டும். கணக்குக்கு அந்த எண்ணிக்கையைத்தான் எடுக்க வேண்டும், மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை அல்ல.

ஆனால் மிகப் பெரிய தவறு, எத்தனை ஆர்டர் வந்தால் செய்வோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காதது. 9 பேர் கட்டியதும் “பரவாயில்லையே, தொடங்கிவிடலாம்” என்றுதான் மனசு சொன்னது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்டாண்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பும் செலவு உட்பட அதற்கு ஆகும் செலவு 60, மிச்சம் 40. மரத்தை ஒரே அளவில் வெட்ட அச்சு செய்ய ஒரு தடவை மட்டும் ஆகும் செலவு 800. 800-ஐ 40-ஆல் வகுத்தால் 20. இருபது பேருக்குக் குறைந்தால் கைக்காசு போகும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் கட்டியதை இதில் சேர்க்கவே கூடாது, அவர்கள் வாங்குவது உங்களுக்காக. அப்படிப் பார்த்தால் என்னிடம் இருந்தது 5 ஆர்டர்தான்.

சரி, ஒன்பது பேருக்கும் அன்றிரவே பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பணத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் வைத்திருந்ததால் அது முடிந்தது, முன்பணத்தில் மரம் வாங்கியிருந்தால் மாட்டியிருப்பேன். அப்புறம் ‘வாங்குவேன்’ என்று தட்டிவிட்டுப் பணம் கட்டாதவர்களில் பத்துப் பேரிடம் தனியாக ஒன்றே ஒன்று கேட்டேன்: “இப்போது லேப்டாப்பை எதன் மேல் வைக்கிறீர்கள்?” ஏழு பேர் மேசை மேல்தான் வைக்கிறார்கள், அதில் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பொருளில் குறை இருக்கிறதா என்பது இன்னும் தெரியாது, நான் கேட்ட இடம்தான் தப்பு.

வீட்டிலிருந்தே நாள் முழுக்க மொழிபெயர்ப்பு செய்கிறவர்களின் குரூப் ஒன்றில், அட்மினிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டு, அதே மெசேஜைப் போட்டேன். கேட்காமல் போட்டால் யாராவது புகார் கொடுக்கலாம், புகார்கள் சேர்ந்தால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடலாம். ஞாயிறு இரவு வரை மூன்று நாள் கெடு, 20 சேராவிட்டால் பணம் முழுதும் திரும்ப வரும் என்று எழுதியிருந்தேன். 94 பேர் படித்தார்கள், 23 பேர் முன்பணம் கட்டினார்கள், அதில் ஒருவரைத்தான் எனக்கு முன்பே தெரியும். திங்கட்கிழமை காலை அச்சுக்கு ஆர்டர் கொடுத்தேன். முதல் ஸ்டாண்டைக் கையால் செய்து பார்க்க நான்கு நாள் பிடித்திருந்தது, அதனால் சொன்ன தேதியில் பத்து நாள் கூடுதலாகவே வைத்திருந்தேன், அதில் எட்டு நாள் செலவாகிவிட்டது.