அஞ்சலிக் குறிப்பில் குறள் எழுதும் முன்

கண்ணீர் அஞ்சலி என்றதும் பலர் கை தானாக "நெருநல் உளனொருவன் இன்றில்லை" (336) என்ற குறளுக்குப் போகிறது. அது நிலையாமை அதிகாரம். உலகின் இயல்பைச் சொல்கிறதே தவிர, போனவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அது பாடம் நடத்துவது போலத்தான் கேட்கும்.

அதனால் முதலில் ஆளை நினையுங்கள், அப்புறம் அதிகாரத்தைத் தேடுங்கள். என் பெரியம்மா, யார் எந்நேரம் வந்தாலும் உலையில் இன்னொரு பிடி அரிசி போடுவார். விருந்தோம்பலில் தேடினேன், 86-வது குறள் கிடைத்தது:

"செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்
நல்விருந்து வானத் தவர்க்கு."

வந்தவரை உபசரித்து அனுப்பிவிட்டு, அடுத்து வருபவருக்காகக் காத்திருப்பவர் வானவர்க்கே நல்ல விருந்தாவார். இதை எழுதும்போதும் அந்தப் பிடி அரிசிதான் முதலில், குறள் பிறகு. வரிசை மாறினால் வாழ்த்துமடல் வாசனை வந்துவிடும்.

சின்ன வயதுச் சாவு என்றால் மேற்கோளே வேண்டாம். "வாழ்வாங்கு வாழ்பவன்" (50) இருபது வயதுப் பையனுக்குப் பொருந்தாது, பெற்றவர்களைக் குத்தும். பெயரைச் சொல்லி, நினைவில் நிற்கும் ஒன்றை எழுதினால் போதும்.