போக்சோ வழக்குச் செய்தி: ஆளைக் காட்டிக்கொடுக்காமல் எழுதுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதிதாகப் பகுதி நேர நிருபரானவர்களுக்கும், வாட்ஸ்அப்பில் ஊர்ச் செய்திக் குழு நடத்துபவர்களுக்கும் இது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரைப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, ஆளைத் தெரியவைக்கும் வேறு எந்தத் தகவலும் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் வயது வந்தவர் என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு பொருந்தும். அதில் இரண்டாண்டு வரை சிறை உண்டு.

கற்பனையாக ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம்:

"தேன்கனிக்கோட்டை அருகே மலைக்கிராமம் ஒன்றில் பாட்டி வீட்டில் தங்கி, அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் 14 வயதுக் கபடி வீராங்கனையை, அவரது சித்தப்பாவான டெம்போ ஓட்டுநர் (35) பாலியல் வன்கொடுமை செய்தார். சிறுமியின் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை செய்கின்றனர்."

பெயர் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. எழுதியவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

படி 1: வீடுகளை எண்ணுங்கள்

சென்னையில் இருப்பவர் கண்ணால் படிக்காதீர்கள். அந்தப் பக்கத்துச் சந்தையில் டீ குடிப்பவர் கண்ணால் படியுங்கள். ஒவ்வொரு துப்புக்கும் எத்தனை வீடு மிஞ்சுகிறது என்று பாருங்கள். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். அது மட்டும் ஒருவரையும் காட்டாது. அதில் பாட்டியிடம் வளரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் என்றால் சிலர்தான். கபடி ஆடுபவர் என்றதும் ஒருவர்தான். தனியாகத் தீங்கில்லாத துப்புகள் சேரும்போதுதான் ஆளைக் காட்டுகின்றன.

2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. ஒரு செய்தியில் பெண்ணின் பெயர் இல்லை. ஆனால் மாநிலத் தேர்வில் முதலிடம் பெற்றவர் என்றும் எந்த மாநிலம் என்றும் இருந்தது. பிறகு பெயர் எதற்கு?

எனவே சாதனை, விளையாட்டு, குடும்பத் தொழில், வீட்டில் பேசும் மொழி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தமிழ்க் கிராமத்தில் இரண்டே தெலுங்கு வீடு இருந்தால் மொழியும் முகவரிதான்.

படி 2: உறவா, பெயரா? ஒன்றுதான்

எல்லோரும் சறுக்கும் இடம் இது. நீங்கள் "சித்தப்பா கைது" என்று பெயரில்லாமல் எழுதுகிறீர்கள். இன்னொரு நாளிதழ் உறவைச் சொல்லாமல் அவர் பெயரையும் ஊரையும் போடுகிறது. இரண்டும் தனித்தனியே சரி. இரண்டையும் படிப்பவருக்கு அண்ணன் மகள் யார் என்று தெரிந்துவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராக இருந்தால் நான் பெயர், ஊர், உறவு மூன்றையுமே விட்டுவிடுவேன். "அவன் பெயரை மறைத்தால் அவனைக் காப்பாற்றுவது ஆகாதா?" என்று கேட்பார்கள். அவனைத் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. நம் செய்தி அதற்குத் தேவையில்லை. ஆசிரியர் கைதானாலும் பள்ளியின் பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஆறு பெண்கள் மட்டும் படிக்கும் நடுநிலைப் பள்ளிகள் இங்கே உண்டு. "அரசுப் பள்ளி ஆசிரியர்" என்று எழுதி, கல்வித் துறை எடுத்த நடவடிக்கையைக் கேட்டு எழுதுங்கள்.

படி 3: மாற்றி எழுதுங்கள்

"கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சிறுமி ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக 35 வயது ஆண் ஒருவரைப் போலீசார் போக்சோ சட்டத்தின் கீழ் கைதுசெய்தனர்."

இவ்வளவுதானா என்று ஏமாற வேண்டாம். மிச்ச இடத்தில் புகார் கொடுத்து எத்தனை நாள் கழித்து வழக்குப் பதிவானது, இடைக்கால இழப்பீடு கேட்டிருக்கிறார்களா என்று எழுதலாம். வாசகருக்குப் பயன்படுவது அதுதான்.

படி 4: படத்தைப் பாருங்கள்

முகத்தை மட்டும் மங்கலாக்குவது பழக்கமாகிவிட்டது. சீருடை, பள்ளி வாசல், வீட்டுக் கதவின் நிறம், தாயின் புடவை, பின்னால் நிற்கும் கோயில் எல்லாம் அப்படியே இருக்கும். பேட்டியில் குரலை மாற்றாமல் போட்டால் பாட்டியின் பேச்சே போதும். மகளிர் காவல் நிலையப் பலகையையும் தவிர்க்கலாம். அது வட்டத்தைச் சொல்லிவிடும். கைவிலங்கின் பொதுப் படம் ஒன்று போதும். கண்டன ஆர்ப்பாட்டத்தைப் படமெடுக்கும்போது பேனரில் சிறுமியின் முகம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுமி இறந்துவிட்டாலும் இந்தத் தடை நீங்காது.

"பெற்றோரே சம்மதித்தார்கள்" என்பது செல்லாது. சிறுமியின் நலனுக்கு ஏற்றது என்று காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால் மட்டுமே அடையாளத்தை வெளியிடலாம்.

படி 5: தீர்ப்பு நாளில் மறுபடியும்

இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தீர்ப்பு வரும். "மகளைச் சீரழித்த தந்தைக்கு ஆயுள்" என்று தலைப்பு வைத்து, கீழே அவர் பெயரையும் ஊரையும் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண் அப்போது கல்லூரியில் இருக்கலாம், திருமணப் பேச்சு நடக்கலாம். பழைய செய்தியைத் தேடி எடுத்துப் புதியதோடு சேர்த்துப் படியுங்கள். அதில் உறவைச் சொல்லியிருந்தால் இதில் பெயர் கூடாது.