‘டிஸ்க் சரி பண்ணியாச்சு’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்

திருவொற்றியூர் பக்கம் ஒரு அலுவலகத்தில் சர்வர்களைக் கண்காணிக்கும் குழுவில் நைட் ஷிப்ட் பார்த்தேன். இரவு 10 மணிக்கு ஷிப்ட் மாறும். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் நான் 10.20க்குத்தான் உள்ளே நுழைவேன். மாலை ஷிப்ட் நண்பர் அதற்குள் மெட்ரோவைப் பிடிக்கக் கிளம்பியிருப்பார். ஹேண்டோவர் போனிலேயே முடிந்துவிடும்.

ஒருநாள் அவர் ஹேண்டோவர் லாகில் எழுதிவைத்தது ஒரே வரி: “டிஸ்க் அலர்ட் வந்தது, சரி பண்ணியாச்சு.” நடந்தது வேறு. 200 ஜிபி டிஸ்க் 91 சதவீதம் நிரம்பியதும், பெரிய லாக் ஃபைல் ஒன்றை `rm` போட்டு அழித்திருக்கிறார். அந்த ஃபைலை ஒரு ப்ராசஸ் திறந்தே வைத்திருந்ததால் பெயர் மட்டும்தான் போனது, இடம் திரும்பவில்லை. ப்ராசஸ் அதில் எழுதுவதும் நிற்கவில்லை. அதோடு, தொல்லை வேண்டாமென்று அலர்ட்டைக் காலை 6 மணி வரை சைலன்ஸ் செய்துவிட்டார்.

இரவு 9.30க்கு மீதி 18 ஜிபி. மணிக்கு 3 ஜிபி ஏறியது. 3.30க்கு டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றது. 95 சதவீத அலர்ட் 12.10க்கே அடித்திருக்க வேண்டும், சைலன்ஸில் அமுங்கிப் போனது. இந்த இரண்டு கட்டளைகளை ஓட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்:

```
df -h /var
lsof +L1
```

முதலாவது, இடம் உண்மையில் திரும்பியதா என்று சொல்லும். இரண்டாவது, அழித்த பிறகும் திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும். “சரி” என்ற சொல்லை ஹேண்டோவர் லாகில் அதன்பின் நாங்கள் தடைசெய்தோம். என்ன செய்தேன், செய்தபின் `df` காட்டிய எண் என்ன, மணிக்கு எவ்வளவு ஏறுகிறது, எந்த அலர்ட் எதுவரை சைலன்ஸ், இவ்வளவுதான் எழுத வேண்டும். சைலன்ஸும் ஷிப்ட் முடிவைத் தாண்டக்கூடாது. பத்து மணிக்கு அது தானாக அவிழ்ந்தால், வருகிறவர் காதில் அலர்ட் மறுபடி விழும்.

இனி என் தவறு. 3.30க்குப் பார்த்ததும் வாட்ஸாப் குழுவில் மெசேஜ் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்? “அண்ணன் தூங்கிட்டிருப்பாரு” என்ற தயக்கத்தில் 25 நிமிடம் போனது. ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும், ஆனால் அதற்கு அப்ளிகேஷன் குழுவின் அனுமதி வேண்டும். அவர்களை எழுப்பி, விளக்கி, அனுமதி வாங்க இன்னும் 40 நிமிடம் ஆனது.

எங்கள் எஸ்கலேஷன் விதி அதுவரை சதவீதத்தில் இருந்தது. 95 ஆனால் கூப்பிடு, அவ்வளவுதான். மெதுவாக ஏறும் டிஸ்க்கில் 95 என்பது நான்கு நாள் அவகாசமாக இருக்கலாம், வேகமாக ஏறினால் அரை மணி நேரம்தான். அதனால் மீதியிருக்கும் நேரத்தை வைத்து மாற்றி எழுதினோம்: நிரம்ப மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்றால் போன் செய், மெசேஜ் கூடாது. பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு. தூக்கத்தைக் கெடுத்ததற்காக மறுநாள் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே மேனேஜரைக் கையெழுத்துப் போட வைத்தோம்.