தையல் யூனிட்டில் கூலி வேரியன்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர்ப் பக்கம் சில தையல் யூனிட்களுக்கு ஸ்டாண்டர்ட் காஸ்டிங் போட்டுக் கொடுக்கிறேன்: ஆக வேண்டிய கூலியை முன்பே கணக்கிட்டு, உண்மையில் ஆனதோடு ஒப்பிடுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேரியன்ஸ்; செலவு குறைந்தால் சாதகம், கூடினால் பாதகம். உதவிக்கு வரும் பிள்ளைகள், நான் முதல் வருடம் செய்த அதே தப்பைச் செய்கிறார்கள். சாதகத்தைப் பாதகம் என்று மாற்றி எழுதுவதெல்லாம் நாலு நாளில் தானே சரியாகிவிடும். அதை விடுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்தைத் தையல்காரர் தலையில் கட்டுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். மே மாதம், பள்ளிச் சீருடை சீசன். பத்துத் தையல்காரர்கள், தினம் 8 மணி நேரம், ஐந்து நாள்: மொத்தம் 400 மணிக்குக் கூலி. ஒரு சட்டைக்கு ஸ்டாண்டர்ட் 1 மணி, மணிக்கு 60 ரூபாய். தைத்தது 370 சட்டை.

நான் என்ன செய்தேன்? 370-இல் 400-ஐக் கழித்து, 30 மணியை 60-ஆல் பெருக்கி, திறன் வேரியன்ஸ் 1,800 ரூபாய் பாதகம் என்று எழுதினேன். முதலாளி ஊக்கத்தொகையை நிறுத்தினார். நன்றாகக் காலர் வைக்கத் தெரிந்த ஒருவர் கோபித்துக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் சூப்பர்வைசரின் நோட்டைப் பார்த்தேன். ஒருநாள் மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை. பத்துப் பேரும் 4 மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஆக 40 மணி வீண். வீண் நேர வேரியன்ஸ் 2,400 பாதகம். உண்மையில் தைத்தது 360 மணிதான். அதில் 370 சட்டை என்றால் திறன் வேரியன்ஸ் 600 ரூபாய் சாதகம்! வேகமாகத் தைத்தவர்களைத்தான் நான் மந்தமானவர்கள் என்று காட்டியிருக்கிறேன்.

தப்பு சூத்திரத்தில் இல்லை, வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதில் வந்த நேரம், போன நேரம் மட்டும்தான் இருந்தன. கரண்ட் போனது, கட்டிங் மாஸ்டர் துணி வெட்டித் தராமல் காத்திருந்தது என்று காரணத்தோடு எழுத ஒரு கட்டம் போடுங்கள். டீ குடிப்பது, ஊசி மாற்றுவது அதில் வரக்கூடாது. அவை தினமும் நடப்பவை, சட்டைக்கு வைக்கும் ஸ்டாண்டர்ட் நேரத்திலேயே அடங்க வேண்டும்.

கூலி வீதத்துக்கு உழைத்த மணியை எடுப்பது

சீசன் என்பதால் அந்த வாரம் மணிக்கு 64 ரூபாய் கொடுத்தோம். கூடுதல் 4 ரூபாயை 360-ஆல் பெருக்காதீர்கள். சும்மா இருந்த நேரத்துக்கும் 64 தானே கொடுத்தோம்? அதனால் 400 மணிக்கு 1,600 பாதகம்.

இப்போது சரிபாருங்கள். 370 சட்டைக்கு ஸ்டாண்டர்ட் கூலி 22,200, கொடுத்தது 25,600. வித்தியாசம் 3,400 பாதகம். 1,600-உம் 2,400-உம் கூட்டி 600 கழித்தால் அதே தொகை. 360 எடுத்திருந்தால் 160 ரூபாய் உதைக்கும்.

பீஸ் ரேட் ஆளுக்குத் திறன் வேரியன்ஸ்

போடாதீர்கள். அவர் மெதுவாகத் தைத்தாலும் சட்டைக்கு உள்ள கூலி ஏறாது.