எழுவாய் இல்லாத வாக்கியமா? கடைசி வினையிலிருந்து படியுங்கள்

எழுவாய் இல்லாத தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும் முன், கடைசி வினைமுற்றின் விகுதியைப் பாருங்கள். பிறகு அதற்கு ஒட்டி முன்னால் 'வர', 'போக', 'எழுத' போல அகரத்தில் முடியும் எச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்று, கடைசி வினையும் 'சொன்னார்' போல இன்னொருவரை ஏவுவதாக இருந்தால் பெரும்பாலும் அங்கே ஆள் மாறுகிறது; 'எழுதத் தொடங்கினார்' போன்றவற்றில் மாறாது.

"அலுவலகத்துக்குப் போய், மேலாளரைப் பார்த்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்." அவசரத்தில் அவரே போனார், பார்த்தார், கொடுத்தார் என்று எழுதிவிடுவோம். ஆனால் சொன்னவர் வேறு, போக வேண்டியவர் வேறு. போய், பார்த்து, கொடுத்துவிட்டு மூன்றும் 'வர' என்பதோடு சேர்கின்றன; 'சொன்னார்' தனியாக நிற்கிறது. போகிறவர் யார் என்பது முந்தைய வாக்கியத்தில் இருக்கும். கதை தன்மையில் நடந்தால் ஆங்கிலத்தில் அநேகமாக 'மீ'. 'வர' இல்லாமல் 'கொடுத்துவிட்டுச் சொன்னார்' என்றிருந்தால் எல்லாம் ஒருவரே செய்தது.

இது வேலை செய்யக் காரணம், வினையெச்சம் தன்னளவில் ஆளைக் காட்டாது. தான் சேரும் வினையின் ஆளையே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்றவை விலக்கு, ஆனால் அங்கே இரண்டு எழுவாயும் எழுதப்பட்டிருக்கும்.

'வேண்டும்', 'முடியாது', 'கூடாது' என்று முடியும் வாக்கியங்களில் விகுதி உதவாது. 'நாளைக்குள் கட்ட வேண்டும்' என்பதில் யார் கட்டுவது என்பதைச் சூழல்தான் சொல்லும். '-ஆர்' ஆணா பெண்ணா என்று காட்டாது. பெயர் கிடைக்கும்வரை முந்தைய வாக்கியங்களுக்குப் போய்ப் பாருங்கள், ஊகித்து 'ஹி' போட வேண்டாம்.